எந்தத் திசையில் போனாலும் ஒரே விடை

கலப்பெண்ணைச் சார்ந்த ஒரு சார்புக்கு வகைக்கெழு காண, பள்ளியில் படித்த வரையறையே போதும். z என்ற எண்ணை h அளவுக்கு நகர்த்த வேண்டும். சார்பின் மதிப்பு எவ்வளவு மாறியது என்று பார்த்து, அந்த மாற்றத்தை h-ஆல் வகுக்க வேண்டும். h பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க (f(z+h) − f(z))/h என்ற ஈவு எந்த எண்ணை நெருங்குகிறதோ அதுதான் வகைக்கெழு. ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் h-க்குக் கிடைத்த சுதந்திரம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. மெய்யெண் கோட்டில் ஒரு புள்ளியை நெருங்க இரண்டே வழிகள், இடமிருந்து அல்லது வலமிருந்து. கலப்பெண்கள் ஒரு தளம் முழுக்கப் பரவியிருப்பதால், அங்கே h கிழக்கிலிருந்து வரலாம், வடக்கிலிருந்து வரலாம், எந்தச் சாய்கோட்டிலும் வரலாம், சுழன்று சுழன்றும் வரலாம். அத்தனை வழிகளிலும் ஈவு ஒரே எண்ணை நெருங்கினால்தான் வகைக்கெழு உண்டு என்று சொல்ல முடியும். கோஷி–ரீமான் சமன்பாடுகள் என்று பாடநூல்கள் தனித் தலைப்பில் தருபவை இந்த ஒரே கோரிக்கையிலிருந்து வருபவைதான். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இரண்டு வரிகளாக அவற்றைப் பார்த்தால், ஒரு சார்பின் மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் ஏன் ஒன்றை ஒன்று விட்டு விலக முடியாமல் இருக்கின்றன என்பது கடைசிவரை பிடிபடாது.

எண்களை வைத்தே பார்க்கலாம். f(z) = z² என்ற சார்பை 1+2i என்ற புள்ளியில் எடுத்துக்கொள்வோம். அங்கே அதன் மதிப்பு −3+4i. முதலில் கிடைமட்டமாக 0.01 நகர்த்தினால் (1.01+2i)² = −2.9799+4.04i. மாற்றம் 0.0201+0.04i, இதை 0.01-ஆல் வகுத்தால் 2.01+4i. இப்போது அதே புள்ளியிலிருந்து செங்குத்தாக, அதாவது 0.01i நகர்த்துவோம். (1+2.01i)² = −3.0401+4.02i. மாற்றம் −0.0401+0.02i. முதல் மாற்றத்தோடு ஒப்பிட்டால் இதன் எண்களும் குறிகளும் வேறு. ஆனால் இதை 0.01-ஆல் அல்ல, 0.01i-ஆல் வகுக்க வேண்டும். வகுத்தால் 2+4.01i. நகர்வைச் சுருக்கிக்கொண்டே போனால் இரண்டு விடைகளும் 2+4i-இல் போய்ச் சேர்கின்றன. அது 2z என்ற பழகிய சூத்திரம் தரும் விடையேதான். இந்த உடன்பாட்டை உண்டாக்குவது i-ஆல் வகுக்கும் செயல். அது கலப்பெண் தளத்தில் 90 பாகை திருப்புவதற்குச் சமம். நகர்வை 90 பாகை திருப்பினோம், சார்பின் மாற்றமும் 90 பாகை திரும்பியது, வகுத்தபோது இரண்டு திருப்பங்களும் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டன.

எல்லாச் சார்பும் இப்படி நடந்துகொள்வதில்லை. x+iy-ஐ x−iy ஆக்கும் இணையெண் சார்பைவிட எளிய சார்பு கிடைப்பது அரிது. அதில் உடைசலோ தாவலோ முனையோ கிடையாது. தளத்தை x அச்சின் குறுக்கே மடித்துப் போடுகிறது, அவ்வளவுதான். ஆனால் கிடைமட்டமாக s நகர்த்தினால் மாற்றமும் s, ஈவு 1. செங்குத்தாக it நகர்த்தினால் மாற்றம் −it, ஈவு −1. நகர்வை எவ்வளவு சுருக்கினாலும் இந்த 1-உம் −1-உம் அப்படியே நிற்கும். ஆகவே தளத்தின் எந்தப் புள்ளியிலும் இந்தச் சார்புக்கு வகைக்கெழு இல்லை. மெய்யெண் கணிதத்தில் தொடர்ச்சியாக இருந்தும் எங்குமே வகைக்கெழு இல்லாத ஒரு சார்பை உருவாக்க வயர்ஸ்ட்ராஸ் ஒரு முடிவிலித் தொடரைக் கட்ட வேண்டியிருந்தது. இங்கே ஒரு குறியை மாற்றினாலே போதுமாயிருக்கிறது.

இப்போது பொதுவாகப் பார்ப்போம். f(z)-இன் மெய்ப்பகுதியை u என்றும் கற்பனைப் பகுதியை v என்றும் வைத்துக்கொண்டால், இரண்டும் x, y ஆகியவற்றைச் சார்ந்த சாதாரண மெய்ச் சார்புகள். y-ஐ அசையாமல் வைத்து x-ஐ மட்டும் நகர்த்தும்போது u மாறும் வீதம் u_x. x-ஐ அசையாமல் வைத்தால் u_y. v-க்கும் அப்படியே. கிடைமட்டமாகப் போனால் ஈவு நெருங்கும் எண் u_x + i·v_x. செங்குத்தாகப் போனால் மாற்றத்தின் வீதம் u_y + i·v_y. அதை i-ஆல் வகுத்தால் v_y − i·u_y. இரண்டும் ஒரே எண்ணாக வேண்டுமென்றால் மெய்ப்பகுதிகள் சமமாக வேண்டும், கற்பனைப் பகுதிகளும் சமமாக வேண்டும்:

u_x = v_y,  v_x = −u_y

z²-இல் u = x² − y², v = 2xy. u_x-உம் v_y-உம் 2x; v_x 2y, u_y −2y. பொருந்துகிறது. இணையெண் சார்பில் u = x, v = −y. u_x 1, v_y −1. முதல் சமன்பாட்டிலேயே உடைந்துவிடுகிறது. இரண்டாவது சமன்பாட்டில் வரும் குறைக் குறி பலரைத் தடுமாற வைப்பது. 1/i = −i என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. அதை நினைவில் வைத்திருந்தால் குறி எங்கே வரும் என்பதை எப்போது வேண்டுமானாலும் அரை நிமிடத்தில் வருவித்துக்கொள்ளலாம்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். எண்ணற்ற திசைகள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, இரண்டே திசைகளைச் சோதித்து முடித்துக்கொள்வது எப்படிச் சரியாகும்? மூன்றாவது திசையில் வேறு விடை வராது என்று யார் சொன்னது? கேள்வி சரியானது, அதன் பயத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. f(z) = √|xy| என்ற சார்பை ஆதிப்புள்ளியில் பாருங்கள். அதன் கற்பனைப் பகுதி எங்கும் பூஜ்ஜியம். மெய்ப்பகுதி இரு அச்சுகளின் மீதும் பூஜ்ஜியம். எனவே ஆதிப்புள்ளியில் நான்கு பகுதி வகைக்கெழுக்களும் பூஜ்ஜியம்; சமன்பாடுகள் இரண்டும் 0 = 0 என்று குறையில்லாமல் பொருந்துகின்றன. ஆனால் மூலைவிட்டத்தின் வழியே, h = t + it என்று வந்தால் (t > 0), சார்பின் மதிப்பு t, ஈவு t/(t+it), அதாவது (1−i)/2. அச்சுகளின் வழியே வந்தவருக்கு 0 கிடைத்தது, மூலைவிட்டத்தில் வந்தவருக்கு (1−i)/2 கிடைக்கிறது. வகைக்கெழு இல்லை. ஆகவே சமன்பாடுகள் பொருந்தினாலே வகைக்கெழு உண்டு என்று எழுதிவிடும் விடைத்தாள் தவறானது. அவை தேவையான நிபந்தனைகள், தாமாகவே போதுமானவை அல்ல.

விடுபட்டுப்போனது என்ன என்று பார்த்தால் இந்தச் சமன்பாடுகளின் உண்மையான உருவம் தெரியும். u, v இரண்டும் அந்தப் புள்ளியின் அருகே மிருதுவாக இருக்க வேண்டும். அதாவது s கிடைமட்டமும் t செங்குத்துமாக நகர்ந்தால், u-இன் மாற்றம் u_x·s + u_y·t என்ற நேரியல் கோவைக்கு, நகர்வைவிட வேகமாகச் சுருங்கும் பிழையோடு, சமமாக வேண்டும். v-க்கும் அப்படியே. பகுதி வகைக்கெழுக்கள் அந்தப் புள்ளியைச் சுற்றி இருந்து, அந்தப் புள்ளியில் தொடர்ச்சியாகவும் இருந்தால் இது உறுதி. √|xy|-இன் பகுதி வகைக்கெழுக்கள் ஆதிப்புள்ளிக்கு அருகே கட்டுக்கடங்காமல் ஏறி இறங்குகின்றன. அதனால்தான் அது நழுவியது. இந்த மிருதுத்தன்மை இருந்துவிட்டால் இரண்டு திசைகளே போதும். ஏனென்றால் ஒரு நேரியல் மாற்றத்தை இரண்டு அச்சுகளில் தெரிந்துகொண்டால் எல்லாத் திசைகளிலும் தெரிந்துகொண்டதாகிவிடும். u_x, v_y இரண்டையும் a என்றும், v_x, −u_y இரண்டையும் b என்றும் எழுதுங்கள். u-இன் மாற்றம் as − bt, v-இன் மாற்றம் bs + at. இந்த இரண்டும் (a+ib)(s+it) என்ற பெருக்கலின் மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும்தான். மாற்றத்தை நகர்வால் வகுத்தால் திசை எதுவானாலும் a+ib மட்டுமே மிஞ்சும்.

இதிலிருந்து சமன்பாடுகளின் பொருளை நேராகச் சொல்லிவிடலாம். தளத்தைத் தளத்துக்குக் கொண்டுபோகும் மிருதுவான மாற்றம் எதுவானாலும், மிக நெருங்கிப் பார்த்தால் நான்கு எண்களால் ஆன ஒரு நேரியல் மாற்றமாகத் தெரியும். அந்த நான்கு எண்களும் சுதந்திரமாக இருந்தால் சிறு வட்டம் நீள்வட்டமாக நசுங்கலாம், சதுரம் சாய்சதுரமாகச் சரியலாம். கோஷி–ரீமான் சமன்பாடுகள் நான்கில் இரண்டின் சுதந்திரத்தைப் பறித்துவிடுகின்றன. மீதமுள்ள a, b என்ற இரண்டு எண்களால் செய்யக்கூடியது பெரிதாக்குவதும் திருப்புவதும் மட்டுமே. z²-இன் வகைக்கெழு 1+2i-இல் 2+4i என்று கண்டோம். அதன் மட்டு மதிப்பு √20, அதாவது ஏறத்தாழ 4.47, கோணம் ஏறத்தாழ 63.4 பாகை. அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள சிறு படம் எதுவானாலும் 4.47 மடங்கு பெரிதாகி, 63.4 பாகை திரும்பி, உருவம் கெடாமல் −3+4i-ஐச் சுற்றிப் போய் அமரும். இணையெண் சார்பும் நீளத்தையோ கோண அளவையோ கெடுப்பதில்லை; ஆனால் அது படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றிவிடுகிறது. எந்தக் கலப்பெண்ணால் பெருக்கினாலும் கண்ணாடிப் பிம்பம் கிடைக்காது. அதனால்தான் அது தேறவில்லை.

இந்தச் சமன்பாடுகள் முதலில் தோன்றிய இடம் கலப்பெண் கோட்பாடு அல்ல, நீரோட்டம். பிரெஞ்சு அறிஞர் டாலம்பேர் 1752-இல் வெளியிட்ட, பாய்மங்களின் தடையைப் பற்றிய நூலில் இவை வருகின்றன. ஆய்லரும் பின்னர் இவற்றைப் பயன்படுத்தினார். கோஷி 1814-இல் தொகையீடுகளைப் பற்றிய ஆய்வில் இவற்றைக் கையாண்டார். ரீமான் 1851-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில்தான் கலப்பெண் சார்பு என்பதன் வரையறையாகவே இவற்றை வைத்தார். நீரோட்டத்தில் இவை எப்படி முளைக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. ஒரு தளத்தில் பாயும் நீரின் வேகத்தை x திசையில் p, y திசையில் q என்று வைத்தால், நீர் எங்கும் தேங்கவோ குறையவோ இல்லை என்பது p_x + q_y = 0. எந்தச் சிறு துளியும் தன்னைத்தானே சுழலவில்லை என்பது q_x − p_y = 0. இப்போது u = p, v = −q என்று எழுதுங்கள்; இந்த இரண்டு இயற்பியல் கூற்றுகளும் அப்படியே u_x = v_y, v_x = −u_y ஆகிவிடுகின்றன. தேங்காத, சுழலாத ஓட்டத்தின் விவரம் முழுவதும் p − iq என்ற ஒரே கலப்பெண் சார்புக்கு வகைக்கெழு உண்டு என்ற ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. z²-ஐயே எடுத்து அதன் வகைக்கெழுவான 2z-ஐ p − iq ஆக வைத்தால், 2xy மாறாமல் இருக்கும் அதிபரவளைவுகள் செங்கோண மூலை ஒன்றில் வளைந்து திரும்பும் நீரின் பாதைகள். x² − y² மாறாமல் இருக்கும் கோடுகள் அவற்றைச் செங்குத்தாக வெட்டும். மூலையில் மட்டும், அதாவது z = 0-இல், வகைக்கெழு பூஜ்ஜியமாகிவிடுவதால் இந்தச் செங்கோணம் உடைந்து 45 பாகை ஆகிறது. நீரும் சரியாக அங்கேதான் நின்றுபோகிறது.

இவ்வளவு கெடுபிடியான நிபந்தனையை வைத்தால் எத்தனை சார்புகள் தேறும் என்று கேட்கலாம். நாம் அன்றாடம் எழுதும் சார்புகளில் பெரும்பாலானவை தேறும். பல்லுறுப்புக் கோவைகள், அடுக்குக்குறிச் சார்பு, சைன், கொசைன், இவற்றைக் கூட்டியும் பெருக்கியும், பகுதி பூஜ்ஜியமாகாத இடங்களில் வகுத்தும், ஒன்றுக்குள் ஒன்று வைத்தும் கட்டும் சார்புகள் எல்லாம் தேறும். z-ஐ ஒரே எண்ணாக வைத்துக்கொண்டு கணக்குச் செய்யும்வரை சிக்கல் இல்லை. z-ஐப் பிரித்து அதன் மெய்ப்பகுதியை மட்டும் உருவினாலோ, மட்டு மதிப்பை எடுத்தாலோ, இணையெண்ணைக் கலந்தாலோ சிக்கல் வரும். ஆனால் இந்தக் கெடுபிடியின் மறுபக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு மெய்ச் சார்புகளை இஷ்டம்போல் தேர்ந்தெடுத்து u + iv என்று ஒட்டி வைத்தால் பயனில்லை. ஒன்றைச் சொன்னவுடனேயே மற்றது தீர்மானமாகிவிடுகிறது. u = x² − y² என்று மட்டும் சொல்லுங்கள். v_y = u_x = 2x என்பதால் v = 2xy + x-ஐ மட்டும் சார்ந்த ஏதோ ஒன்று. v_x = −u_y = 2y என்பதால் அந்த ஏதோ ஒன்றின் வகைக்கெழு பூஜ்ஜியம். ஆக v = 2xy + ஒரு மாறிலி; வேறு வழியே இல்லை. இப்போது நடுவில் இருக்கும் குறியை மட்டும் மாற்றி u = x² + y² என்று சொல்லிப் பாருங்கள். v_y = 2x என்பதால் மறுபடியும் v = 2xy + g(x). ஆனால் இம்முறை v_x = −2y ஆக வேண்டும்; 2y + g′(x) = −2y, அதாவது g′(x) = −4y. x-ஐ மட்டும் சார்ந்த ஒன்று y-ஓடு மாற முடியாது. x² + y²-க்கு இணையாகக்கூடிய கற்பனைப் பகுதி உலகத்தில் எங்கும் இல்லை. காரணம், சமன்பாடுகளை மேலும் ஒருமுறை வகையிட்டால் u_xx + u_yy = 0 என்ற லாப்லாஸ் சமன்பாடு கிடைக்கிறது; x² + y²-க்கு அந்தக் கூட்டுத்தொகை 4. சீரான நிலையில் உள்ள வெப்பநிலையும், மின்னூட்டம் இல்லாத இடத்து மின்னழுத்தமும் தளத்தில் பின்பற்றும் சமன்பாடும் அதுவே.

தாளில் இதையெல்லாம் ஒப்புக்கொண்ட ஒருவர், மெய்யெண்களோடு மட்டும் வேலை செய்பவருக்கு இதனால் என்ன கிடைக்கும் என்று கேட்டால், கணினியில் வகைக்கெழு காணும் முறை ஒன்றைக் காட்டலாம். f(x) = x³-இன் வகைக்கெழு x = 2-இல் 12. கணினியிடம் வரையறைப்படி (f(2+h) − f(2))/h-ஐக் கணக்கிடச் சொன்னால் ஒரு பொறி காத்திருக்கிறது. h பெரிதாக இருந்தால் விடை தோராயமாகிறது. h-ஐச் சிறிதாக்கினால், ஏறத்தாழ சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது இலக்கங்கள் அழிந்துபோகின்றன. கணினியின் வழக்கமான எண்கள் சுமார் 16 இலக்கங்களை வைத்துக்கொள்பவை. இந்த முறையில் அவற்றில் பாதிக்கு மேல் மிஞ்சுவது கடினம். h-ஐ 10⁻²⁰ ஆக்கினால் 2+h என்பதே 2 ஆகப் பதிவாகி, விடை 0 வந்து நிற்கும். இதற்கு மாற்றாக நகர்வைச் செங்குத்தாகச் செய்யலாம். x மெய்யெண்ணாக இருக்கும்போது f(x)-உம் மெய்யெண்; அங்கே v = 0. கற்பனைத் திசையில் h அளவு ஏறினால் v-இன் மதிப்பு ஏறத்தாழ v_y·h. கோஷி–ரீமான் சொல்கிறபடி v_y = u_x, அதுதான் நாம் தேடும் வகைக்கெழு. ஆகவே f(x+ih)-இன் கற்பனைப் பகுதியை h-ஆல் வகுத்தால் போதும். கழித்தலே இல்லை, அதனால் இலக்கங்கள் அழிவதும் இல்லை.

```python
h = 1e-20
z = complex(2, h)
print((z*z*z).imag / h)
print(((2 + h)**3 - 2**3) / h)
```

முதல் வரி அச்சிடுவது 12. அதிகபட்சம் கடைசி இலக்கத்தில் ஒரு சிறு அசைவு இருக்கலாம். இரண்டாவது வரி அச்சிடுவது 0. முதல் விடை ஏன் இவ்வளவு சரியாக வருகிறது என்பதைக் கையாலேயே பார்க்கலாம்: (2+ih)³ = 8 − 6h² + i(12h − h³). கற்பனைப் பகுதியை h-ஆல் வகுத்தால் 12 − h². பிழை 10⁻⁴⁰, 16 இலக்கங்களுக்கு அது கண்ணிலேயே படாது. கலப்பெண்ணைக் கொண்டு எண்முறையில் வகைக்கெழு காணலாம் என்பதை லைனெஸும் மோலரும் 1967-இல் காட்டினார்கள். இந்த எளிய வடிவத்தை ஸ்கொயரும் டிராப்பும் 1998-இல் வெளியிட்ட பிறகு விமான வடிவமைப்புக் கணிப்புகள்வரை அது போய்ச் சேர்ந்தது.

முறை தவறுகிற இடமும் கோஷி–ரீமான் சமன்பாடுகள் தவறுகிற இடமேதான். மேலே உள்ள கணக்கில் x³-க்குப் பதில் |x|³ இருந்தால், x = 2-இல் உண்மையான வகைக்கெழு அப்போதும் 12. ஆனால் நிரலில் abs(z)**3 என்று எழுதினால், abs கலப்பெண்ணின் மட்டு மதிப்பைத் தரும். அது ஒரு மெய்யெண், கற்பனைப் பகுதி அங்கேயே ஒழிந்துவிடும். கணினி எந்த எச்சரிக்கையும் தராமல் 0 என்று அச்சிடும். மட்டு மதிப்புச் சார்பில் v எங்கும் பூஜ்ஜியம், எனவே v_y-உம் பூஜ்ஜியம். ஆனால் u_x பூஜ்ஜியம் அல்ல. சமன்பாடு உடைந்த இடத்தில் v_y-ஐ u_x என்று நம்பி வாசித்ததால் வந்த வினை இது. பெரிய நிரல்களில் abs ஏதோ ஓர் உட்பிரிவில் ஒளிந்திருக்கலாம். அணியை இடமாற்றும் கட்டளை இணையெண்ணையும் சேர்த்து எடுத்துவிடலாம். அப்போது குறி மாறிய விடையோ பாதி விடுபட்ட விடையோ வரும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது: h-ஐ 10⁻⁶ அளவில் வைத்து பழைய கழித்தல் முறையிலும் ஒருமுறை கணக்கிட வேண்டும். முதல் சில இலக்கங்கள்கூட ஒத்துப்போகவில்லை என்றால், நிரலில் எங்கோ z பிரிக்கப்படுகிறது. abs-ஐத் திருத்துவது எளிது: மெய்ப்பகுதி குறை எண்ணாக இருந்தால் −z, இல்லாவிட்டால் z என்று எழுதினால் போதும். பூஜ்ஜியத்தைத் தவிர மற்ற மெய்யெண்கள் எல்லாவற்றின் அருகிலும் அது |x|-உடன் ஒத்துப்போகும், கோஷி–ரீமான் சமன்பாடுகளுக்கும் பொருந்தும். பூஜ்ஜியத்தில் |x|-க்கு வகைக்கெழுவே கிடையாது.